கைப்பேசி எண் போட்ட விற்பனைப் பதிவு ஏன் தடுக்கப்படுகிறது?

கைப்பேசி எண்ணோ பணம் செலுத்தும் கியூஆர் குறியோ இருப்பதால் மட்டும் ஒரு பதிவு ‘ஸ்பேம்’, அதாவது வேண்டாத குப்பை, என்று பொதுவாக ஒதுக்கப்படுவதில்லை. தராசுத் தட்டில் படிக்கற்கள் ஏறுவதுபோல், சந்தேகக் குறிகள் சேர்ந்து வரம்பைத் தாண்டும்போதே வடிகட்டி அதைத் தடுக்கிறது.

முறுக்கு விற்பவர் ஒருவர், புதிய கணக்கிலிருந்து, எண்ணும் கியூஆர் குறியும் கொண்ட ஒரே படத்தை 10 நிமிடங்களில் 20 முகநூல் குழுக்களில் இட்டால், அவரை மோசடிக்காரரிடமிருந்து பிரித்தறிவது வடிகட்டிக்குக் கடினம். எண்ணைப் புள்ளியிட்டு உடைத்து எழுதுவதும், மோசடிக்காரர் கையாளும் உத்தி என்பதால், எடையைக் கூட்டக்கூடும்.

எண்ணை வணிகப் பக்கத்தின் விவரப் பகுதியில் வைத்து, பதிவில் பண்டத்தையும் விலையையும் மட்டும் சொல்லி, ஆர்டர் உறுதியான பின் தனி உரையாடலில் கியூஆர் குறியை அனுப்புவதே விற்பனையாளருக்கு ஏற்ற வழி.