விற்பனை பத்து சதவீதம் சரிந்தால் லாபம் எவ்வளவு சரியும்?

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை அமெரிக்கா 50 சதவீதமாக்கியபோது, திருப்பூரில் பலரும் ஆர்டர் எத்தனை சதவீதம் குறையும் என்று கணக்குப் போட்டார்கள். ஒரு கம்பெனி அந்தச் சரிவைத் தாங்குமா என்பதை அந்தச் சதவீதம் மட்டும் சொல்லிவிடாது. ஒரே அளவு ஆர்டர் குறைந்தாலும் ஒருவருக்கு லாபம் கொஞ்சம் குறையும், பக்கத்துக் கம்பெனிக்காரருக்குப் பாதியாகிவிடும்.

கணக்குக்காக இரண்டு பனியன் கம்பெனிகளை வைத்துக்கொள்வோம். இரண்டும் மாதம் 1 லட்சம் டி-ஷர்ட்டுகளை 200 ரூபாய் விலையில் விற்கின்றன. இரண்டுக்கும் லாபம் 14 லட்சம்.

முதல் கம்பெனி சொந்தக் கட்டடத்தில், கடனில் வாங்கிய மெஷின்களோடும் மாதச் சம்பள ஆட்களோடும் நடக்கிறது. துணி, சாயம், பிரிண்டிங், பேக்கிங் என்று பீஸுக்கு ஆகும் செலவு 130 ரூபாய். மீதி 70 ரூபாய், ஆக மாதம் 70 லட்சம். சம்பளம், மெஷின் தேய்மானம் என்று பீஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகும் நிலையான செலவு 56 லட்சம்.

இரண்டாவது கம்பெனி தையலைப் பவர்டேபிள்காரர்களிடம் பீஸ் ரேட்டுக்கு விடுகிறது. கூலியும் சேர்ந்து பீஸுக்கு 170 ரூபாய் போய்விடும். மிஞ்சுவது 30 ரூபாய்தான், மாதம் 30 லட்சம். ஆனால் நிலையான செலவு வெறும் 16 லட்சம்.

இப்போது ஆர்டர் 10 சதவீதம் குறைந்து 90,000 பீஸ் ஆகிறது. முதல் கம்பெனிக்கு 63 லட்சம் மிஞ்சும், அதில் 56 லட்சம் போனால் லாபம் 7 லட்சம். சரிபாதி காணோம். இரண்டாவது கம்பெனிக்கு 27 லட்சத்தில் 16 போக 11 லட்சம் நிற்கிறது. இன்னும் 10,000 பீஸ் குறைந்து 80,000 ஆனால் முதல் கம்பெனியின் லாபம் பூஜ்யம், இரண்டாவதுக்கு 8 லட்சம். அதற்குமேல் குறைந்தால் முதல் கம்பெனிக்கு நட்டம்தான்.

லாபமும் நட்டமும் இல்லாத அந்தப் புள்ளிக்கு மேலே இன்றைய விற்பனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் மார்ஜின் ஆஃப் சேஃப்டி, அதாவது பாதுகாப்பு எல்லை. முதல் கம்பெனிக்கு அது 20 சதவீதம். இரண்டாவதுக்கு ஏறக்குறைய 47. செலவு போக மிஞ்சும் 70 லட்சத்தை லாபமான 14 லட்சத்தால் வகுத்தால் 5 வருகிறது. ஆப்பரேட்டிங் லீவரேஜ் என்பது இந்த 5. விற்பனை ஒரு சதவீதம் அசைந்தால் லாபம் ஐந்து சதவீதம் அசையும் என்று அர்த்தம். 1-ஐ 20 சதவீதத்தால் வகுத்தாலும் அதே 5 கிடைக்கும். பாதுகாப்பு எல்லை சுருங்கச் சுருங்க இந்தப் பெருக்கம் ஏறும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். 5 என்பது கம்பெனியோடு ஒட்டிக்கொண்ட எண் அல்ல. 90,000 பீஸில் நிற்கும்போது 63-ஐ 7-ஆல் வகுத்தால் 9. அங்கிருந்து மறுபடி 10 சதவீதம் சரிந்தால் லாபத்தில் 90 சதவீதம் போய்விடும். முதல் சரிவைத் தாங்கிவிட்டோமே என்ற தைரியத்தில் இரண்டாவது சரிவை எதிர்கொள்வது ஆபத்து. அதற்காக முதல் கம்பெனிக்காரரை முட்டாள் என்று சொல்லிவிடவும் முடியாது. ஆர்டர் 20 சதவீதம் ஏறினால் அவர் லாபம் 28 லட்சமாக இரட்டிக்கும், மற்றவருக்கு 20 லட்சம்தான்.

இவ்வளவும் பீஸ் குறைந்தால் நடப்பது. பையர் ஆர்டரைக் குறைக்காமல் விலையில் 10 சதவீதம் தள்ளுபடி கேட்டால் கதையே வேறு. விற்பனைத் தொகை அதே 20 லட்சம்தான் குறைகிறது. ஆனால் துணியும் சாயமும் பழைய அளவில் செலவாகும், எனவே 20 லட்சமும் நேரே லாபத்திலிருந்து போகும். இரண்டு கம்பெனியும் தலா 6 லட்சம் நட்டத்தில் விழும். குறைந்த லீவரேஜ் இங்கே யாரையும் காப்பாற்றாது. ஆர்டரைக் கைவிடாமல் இருக்கத் தள்ளுபடிக்குச் சம்மதிப்பவர், அந்த 10,000 பீஸை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

சொந்தக் கம்பெனியில் நிலையான செலவு எவ்வளவு என்பதை லாப நட்டக் கணக்கு தனியே பிரித்துக் காட்டாது. அதிகம் ஓடிய ஒரு மாதத்தையும் குறைவாக ஓடிய ஒரு மாதத்தையும் எடுத்துக்கொள்ளலாம். 1 லட்சம் பீஸுக்கு மொத்தச் செலவு 186 லட்சம், 80,000 பீஸுக்கு 160 லட்சம் என்றால், வித்தியாசமான 26 லட்சத்தை 20,000-ஆல் வகுக்க பீஸுக்கு 130 ரூபாய். 1 லட்சம் பீஸுக்கு அது 130 லட்சம், 186-இல் மீதி 56 லட்சம் நிலையான செலவு. அந்த மாதத்தில் வாங்கிக் குடோனில் கிடக்கும் துணியைச் செலவில் சேர்த்திருந்தாலோ, ஓவர்டைம் கூலி உள்ளே புகுந்திருந்தாலோ விடை தப்பிவிடும். இரண்டையும் கழித்துவிட்டு வகுக்க வேண்டும்.