எந்தப் பட்டியல் நல்லது?

என் தங்கை கடந்தகால வினாத்தாள் தேடும்போது பார்த்திருக்கிறேன். கணினித் திரையில் பத்துப் பெறுபேறுகள் வரும். அவள் முதலாவதைத் திறப்பாள். ஏன் என்று கேட்டால், "அதுதானே தாத்தா மேல இருக்கு" என்பாள். நம்மில் பலரும் அப்படித்தான். மேலே இருப்பதாலேயே ஒன்று அழுத்தப்படுகிறது. ஆகவே ஒரு தேடுபொறியின் வரிசையை மாற்றியவர், "முதல் பெறுபேற்றை நிறையப் பேர் திறக்கிறார்கள், என் மாற்றம் வெற்றி" என்று சொன்னால் அதை நம்ப முடியாது. மோசமான வரிசையிலும் முதலாவதைத்தான் திறப்பார்கள்.

அப்படியானால் மாற்றம் உதவியதா என்று எப்படி அறிவது?

பலரும் அறிந்த வழி பிரிப்புச் சோதனை. வருவோரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பழைய வரிசையையும் மற்றதற்குப் புதியதையும் காட்டி, இரு பிரிவின் நடத்தையையும் ஒப்பிடுவார்கள். முறை நேர்மையானதுதான். ஆனால் மனிதர்கள் ஒருவருக்கொருவர் மிகவும் வேறுபட்டவர்கள். ஒருவர் ஒன்றைத் திறந்து போய்விடுவார், இன்னொருவர் ஏழைத் திறப்பார். இந்த இரைச்சலுக்குள் சிறிய முன்னேற்றம் மறைந்துவிடும். எதையாவது திறக்கும் தேடல்கள் 50 வீதத்திலிருந்து 52 வீதமாக உயர்ந்ததை நம்பிக்கையோடு காண, ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 10,000 தேடல்கள் வேண்டும். சிறிய நூலகம் ஒன்று அதற்கு எங்கே போகும்?

2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் ராட்லின்ஸ்கி, தோர்ஸ்டன் யோவாக்கிம்ஸ் ஆகியோர் தம் சகாவுடன் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஆர்க்கைவ் என்ற ஆய்வுக் கட்டுரைக் களஞ்சியத்தின் தேடலில் வரிசையை அவர்கள் வேண்டுமென்றே கெடுத்தார்கள். ஒன்றில் மேலே வந்த சில பெறுபேறுகளைக் கீழே உள்ளவற்றோடு இடம் மாற்றினார்கள். இன்னொன்றில் அதைவிட அதிகமானவற்றை மாற்றினார்கள். எது நல்லது, எது கெட்டது என்ற விடை கையில் இருந்தது. எந்த அளவுகோல் அதைக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் கேள்வி. எதையும் திறக்காமல் போனவர்கள் எத்தனை பேர், முதல் அழுத்தத்துக்கு எவ்வளவு நேரம் என எட்டு அளவுகளை எடுத்தார்கள். ஒன்றுகூட நம்பகமாக விடையைக் காட்டவில்லை. எதையும் திறக்காதவர் ஏமாந்து போனவராகவும் இருக்கலாம், சுருக்கத்தை வாசித்தே திருப்தியடைந்தவராகவும் இருக்கலாம் அல்லவா?

சரியான பக்கம் சாய்ந்தது இடைக்கலப்பு முறைதான். இதில் ஆட்களைப் பிரிப்பதில்லை. ஒரே ஆளுக்கு, ஒரே தேடலில், இரு வரிசைகளையும் கலந்து ஒரே பட்டியலாகக் காட்டுவார்கள். கலப்பது எப்படி? மைதானத்தில் இரு தலைவிகள் அணிக்கு ஆள் எடுப்பதைப் போல.

பழைய வரிசை அ, ஆ, இ, ஈ என்றும், புதியது ஆ, ஈ, அ, உ என்றும் வைத்துக்கொள்வோம். நாணயம் சுண்டுகிறோம். புதியது வென்றால் அது ஆவை எடுக்கும். அடுத்துப் பழையது தன் முதல் ஆளான அவை எடுக்கும். மீண்டும் சுண்டுகிறோம். இம்முறை பழையது வென்று, ஏற்கெனவே போன ஆவைத் தாண்டி, இயை எடுக்கிறது. புதியதுக்கு ஈ. தேடுபவர் காண்பது ஆ, அ, இ, ஈ என்ற சாதாரணப் பட்டியல். எது எந்த அணி என்று அவருக்குத் தெரியாது. அவர் ஈயை மட்டும் திறந்தால் புதியதுக்கு ஒரு புள்ளி. மேலே இருக்கும் சலுகை, நாணயத்தின் தயவால், இரு அணிக்கும் சமமாகப் போய்ச் சேர்கிறது. சோம்பேறி, சுறுசுறுப்பானவர் என்ற வேறுபாடும் இல்லை, ஏனெனில் ஒப்பீடு ஒருவருக்குள்ளேயே நடக்கிறது.

பிறகு எண்ண வேண்டியதுதான். சமநிலையை விட்டுவிட்டு, 100 பேரின் தேடல்களில் புதியது 55ஐ வென்றது என்றால் நான் வாய் திறக்கமாட்டேன். 100 முறை நாணயம் சுண்டினாலும் தலை 40க்கும் 60க்கும் இடையில் வருவது சாதாரணம். 62 என்றால் கவனிப்பேன். ஆனால் 55 வந்த அன்று "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று நீட்டி, 61 ஆனதும் நிறுத்துவது கள்ள ஆட்டம். எத்தனை தேடல் என்பதை முதலே எழுதி வைக்க வேண்டும்.

இந்த முறைக்கும் குருட்டுப் பக்கம் உண்டு. கவர்ச்சியான தலைப்பு அழுத்தத்தை வாங்கிவிடும், உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும். திறந்ததும் சில நொடிகளில் திரும்பி வந்தவரின் அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது இதனால்தான். அதோடு, இரு வரிசைகளில் எது விரும்பப்பட்டது என்பதையே இது சொல்லும். புதிய வரிசை மட்டும் இருந்தால் மக்கள் அடுத்த மாதமும் வருவார்களா என்பதைச் சொல்லாது, எல்லோரும் கலவையைத்தானே கண்டார்கள்! அதனால் பல மாற்றங்களை முதலில் இடைக்கலப்பில் சலித்து, தேறிய ஒன்றிரண்டை மட்டும் நீண்ட பிரிப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். அந்த 10,000 தேடல்களை அப்போது செலவழிக்கலாம்.