வடிவமைப்பாளருக்கு ஒரு பணிக்குறிப்பு

நுழையும்முன்

செய்தித்தாளினுள் வைத்துத் தரப்படும் துண்டறிக்கை, வரையப்படுவதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. விளம்பரம் செய்வோர் தம் தேவையை வடிவமைப்பாளருக்கு எழுதித் தரும் ஏட்டைப் பணிக்குறிப்பு என்பர். அத்துறையினர் இதனை 'பிரீஃப்' என்று வழங்குவர். தனிப்பயிற்சி மையம் ஒன்றின் மாணவர் சேர்க்கையைக் கொண்டு பணிக்குறிப்பு எழுதும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

சென்னை திருவான்மியூரில், பறக்கும் தொடர்வண்டி நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், தனிப்பயிற்சி மையம் ஒன்று இயங்குவதாகக் கொள்ளலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு பயிலும் 80 மாணவர்கள் அங்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் கற்கின்றனர். 2025ஆம் ஆண்டு ஜூனில் பதினொன்றாம் வகுப்பில் 40 பேரைச் சேர்க்க மையம் விரும்புகிறது. பொறுப்பாளர் வடிவமைப்பாளரிடம், "பளிச்சென்று, அனைவரையும் கவரும்படி ஒரு விளம்பரம் வேண்டும்" என்று மட்டும் கூறினால் என்ன நிகழும்? 'அனைவர்' யார் என்பதும், 'பளிச்சென்று' என்பதன் பொருளும் வடிவமைப்பாளரின் ஊகத்திற்கு விடப்படும். ஊகம் தவறும்போதெல்லாம் படம் திருத்தப்படும், நாள்கள் கழியும். ஆகவே யாருக்கு, என்ன செய்தி, எவ்வடிவில், எந்நாளில் என்னும் நான்கு வினாக்களுக்கும் பணிக்குறிப்பு விடை தருதல் வேண்டும்.

யாருக்கு?

பயில்பவர் மாணவர், கட்டணம் செலுத்துபவர் பெற்றோர். இருவரின் வினாக்களும் வேறுவேறு. எந்தப் பாடம், எந்த ஆசிரியர் என்பன மாணவரின் வினாக்கள். கட்டணம் எவ்வளவு, வகுப்பு எப்போது முடியும், பிள்ளை எவ்வாறு வீடு திரும்பும் என்பன பெற்றோரின் வினாக்கள். ஒரே தாளில் இருவருக்கும் சம இடம் அளித்தால் இருவர் கண்ணிலும் எதுவும் படாது. எனவே பணிக்குறிப்பு, "கொட்டிவாக்கம் முதல் அடையாறு வரை வசிக்கும், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய மாணவரின் பெற்றோர், செய்தியைக் கைப்பேசியில் தமிழில் படிப்பவர்" என்று ஒருவரை முதன்மையாகச் சுட்ட வேண்டும். இவ்வொரு தொடரே பல முடிவுகளைத் தந்துவிடுகிறது. மொழி தமிழ், எழுத்து பெரியது, நேரமும் கட்டணமும் முகப்பிலேயே இடம்பெற வேண்டியவை.

என்ன செய்தி?

பணிக்குறிப்பில் மிகுந்த கவனம் வேண்டும் பகுதி இதுவே. "நகரின் தலைசிறந்த மையம்", "நூறு விழுக்காடு தேர்ச்சி உறுதி" என்பன எளிதில் எழுதக்கூடியவை, மெய்ப்பிக்க இயலாதவை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை 2024 நவம்பரில் வெளியிட்டது. வெற்றிக்கு உறுதி கூறுவதை அந்நெறிமுறைகள் தடை செய்கின்றன. வெற்றி பெற்றவரின் பெயரையோ படத்தையோ பயன்படுத்த அவருடைய எழுத்துவழி இசைவு தேவை. அதனையும் அவர் வெற்றி பெற்ற பின்னரே பெறுதல் வேண்டும். அவர் அம்மையத்தில் எந்தப் பயிற்சியில் சேர்ந்திருந்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இவ்விதியின் காரணத்தை ஒரு நிகழ்வால் உணரலாம். ஒரு மாணவர் ஆண்டு முழுவதும் தாமே படித்து, தேர்வுக்கு முந்தைய மாதம் மட்டும் மையத்தின் மாதிரித் தேர்வுகளை எழுதியிருக்கக்கூடும். அவருடைய படத்தை முகப்பில் இட்டால், ஓராண்டுப் பயிற்சியே அம்மதிப்பெண்ணைத் தந்தது என்று பெற்றோர் கருதுவர். அந்நம்பிக்கையில் ஆண்டுக் கட்டணத்தையும் செலுத்துவர். அச்சிட்ட சொல் ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். விளைந்த எண்ணமோ பொய். வடிவமைப்பாளர் இதனை அறிய வழியில்லை. தமக்குத் தந்த படத்தையே அவர் பெரிதாக்குவார். ஆகவே சான்று இல்லாத கூற்றைப் பணிக்குறிப்பிலேயே நீக்கிவிட வேண்டும்.

திருவான்மியூர் மையம் உறுதியாகக் கூறத்தக்கது எது? "ஒரு வகுப்பில் இருபதே மாணவர், மாலை ஆறு முதல் எட்டு வரை." இதனைப் பெற்றோர் நேரில் வந்து எண்ணிப் பார்க்கலாம். எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியே பணிக்குறிப்பின் மையச் செய்தியாதல் வேண்டும்.

எவ்வடிவில்?

பெற்றோர் செய்தியைக் காணும் இடமே வடிவத்தை உறுதி செய்கிறது. செய்தித்தாளுடன் செல்ல ஏ5 அளவில் (148 × 210 மி.மீ.) ஒரு துண்டறிக்கை, புலனத்தில் (வாட்ஸ்அப்) பகிர 1080 × 1080 படப்புள்ளிகள் கொண்ட ஒரு சதுரப் படம், மையத்தின் சொந்த வாயிலில் ஒரு பலகை. இம்மூன்றும் போதும். அச்சுத்தாளை வெட்டும்போது வெண்கோடு தெரியாதிருக்க, நாற்புறமும் 3 மி.மீ. கூடுதலாக வண்ணம் நீள வேண்டும் என்பதையும் குறிப்பிட வேண்டும். துண்டறிக்கையைச் சுருக்கினால் சதுரப் படம் ஆகாது. கைப்பேசித் திரையில் சிறு எழுத்து மறைந்துவிடும். ஆகவே சதுரப் படத்திற்குத் தனியே குறைந்த சொற்களைப் பணிக்குறிப்பு தர வேண்டும்.

சாலையோரப் பதாகை இப்பட்டியலில் இல்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டப்பட்டிருந்த பதாகை சரிந்து விழுந்ததில், இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் நிலைகுலைந்து, பின்வந்த லாரி மோதி உயிரிழந்தார். திருவான்மியூருக்கு அண்மையிலேயே இது நிகழ்ந்தது. 'சாலையிலும் பொதுச்சுவரிலும் எதுவும் வேண்டா' என்று பணிக்குறிப்பில் எழுதுவது, வேண்டியதை எழுதுவது போன்றே தேவையானது.

தமிழுக்கென ஓர் எச்சரிக்கையும் உண்டு. எழுத்துருவும் மென்பொருளும் பொருந்தாதபோது கொம்பும் காலும் இடம்மாறும். 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு எழுத்தின் பின்னே சென்று நிற்கும். எனவே ஒருங்குறியில் தட்டச்சு செய்த உரையை அளித்து, அச்சகத்திற்குச் செல்லும் கோப்பையே எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தல் வேண்டும்.

எந்நாளில்?

பத்தாம் வகுப்பு முடிவு வெளியானதும் பெற்றோர் மையங்களைத் தேடத் தொடங்குவர். 2025இல் அம்முடிவு மே 19 அன்று வெளியாகும் என முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் மே 16 அன்றே வெளியாயிற்று. மே 18 அன்று அச்சுப்படி கைக்கு வந்தால் போதும் எனக் கருதியவர் பின்தங்கியிருப்பர். எனவே நாளைப் பின்னிருந்து முன்னோக்கிக் கணக்கிட வேண்டும். அச்சுப்படி மே 9 கைக்கு வர, இறுதி ஒப்புதல் மே 5. முதல் வரைவு ஏப்ரல் 28. பணிக்குறிப்பு ஏப்ரல் 21. ஒரு வாரம் இடைவெளி இருப்பதால், முடிவு முந்தினாலும் பணி தடைப்படாது.

மாதிரிப் பணிக்குறிப்பு

நோக்கம்: பதினொன்றாம் வகுப்பில் 40 மாணவர் சேர்க்கை, வகுப்புத் தொடக்கம் 2025 ஜூன் 9.
யாருக்கு: கொட்டிவாக்கம் – அடையாறு இடையே வாழும் பெற்றோர்.
செய்தி: ஒரு வகுப்பில் இருபதே மாணவர்; மாலை 6 – 8; ஆண்டுக் கட்டணம் முகப்பில்.
தவிர்க்க: மாணவர் படங்கள், தேர்ச்சி விழுக்காடு, 'சிறந்த', 'உறுதி' என்னும் சொற்கள்.
வடிவம்: ஏ5 துண்டறிக்கை, சதுரப் படம், வாயிற்பலகை.
நாள்: வரைவு ஏப்ரல் 28, ஒப்புதல் மே 5, அச்சுப்படி மே 9, வெளியீடு தேர்வு முடிவு வரும் நாள்.
ஒப்புதல் தருபவர்: மையப் பொறுப்பாளர் ஒருவரே.

இறுதி வரி சிறிதெனினும் இன்றியமையாதது. மூவர் மூன்று திருத்தம் கூறினால் எதனை ஏற்பது என வடிவமைப்பாளர் தடுமாறுவார்.

வரைவு வந்ததும், மையத்தை அறியாத ஒருவரிடம் சதுரப் படத்தைக் கைப்பேசியில் ஐந்து நொடிகள் காட்டி, நினைவில் நின்றதைக் கேட்க வேண்டும். "இருபது பேர், மாலை ஆறு மணி" என்றால் பணிக்குறிப்பு பயன் தந்தது. "ஏதோ டியூஷன்" என்று மட்டும் கூறினால், வண்ணத்தை மாற்றச் சொல்லும் முன் பணிக்குறிப்பின் 'செய்தி' என்னும் வரியை மீண்டும் படித்தல் வேண்டும். பிழை பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.