தேதிக் கட்டத்தில் ஒரு மாத்திரை

வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அமாவாசை எது என்று யாரும் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. கறுப்பு வட்டம் கண்ணில் பட்டால் அமாவாசை, வெள்ளை வட்டம் என்றால் பௌர்ணமி. கைபேசிக் காலண்டரில் எமோஜி சேர்ப்பவர்கள் செய்வதும் இதே வேலைதான்.

எமோஜி பரவியதற்கும் சின்னத் திரைக்கும் தொடர்பு உண்டு. 1999-இல் ஜப்பானின் டொகோமோ நிறுவனத்துக்காக ஷிகேதக்கா குரிதா 176 படங்களை வரைந்தார். ஒவ்வொன்றும் 12-க்கு 12 புள்ளிகளுக்குள் அடங்கியது. வெயில், மழை, ரயில் என்று அவற்றில் பல, நாலு சொல் எழுத இடமில்லாத திரையில் ஒரு தகவலைச் சொல்லி முடிப்பதற்காகவே வந்தவை.

அந்த இடநெருக்கடி தமிழில் எழுதுவோருக்கு இன்றும் இருக்கிறது. கைபேசியில் மாதம் முழுவதையும் திறந்தால் ஒரு நாளுக்குக் கிடைப்பது திரை அகலத்தில் ஏழில் ஒரு பங்கு. தமிழ் எழுத்துகள் அகலமானவை. நாலைந்து எழுத்தோடு வரி அறுந்துவிடும். "அப்பாவுக்கு கண் டாக்டர்", "அப்பாவுக்கு பிறந்தநாள்", "அப்பாவுக்கு ரயில் டிக்கெட்" என்று மூன்று நாட்களுக்குக் குறித்து வைத்திருந்தால், மூன்று கட்டத்திலும் "அப்பாவு" என்றுதான் தெரியும். எது எந்த வேலை என்று அறிய ஒவ்வொன்றாகத் தொட்டுத் திறக்க வேண்டும்.

"💊 அப்பாவுக்கு", "🎂 அப்பாவுக்கு", "🚆 அப்பாவுக்கு" என்று மாற்றிப் பாருங்கள். வரி அறுந்தாலும் செய்தி தப்பிவிடுகிறது. எமோஜி வரியின் தலையில் இருப்பதால்தான் இது நடக்கிறது. பலர் வாட்ஸாப் பழக்கத்தில் கடைசியில் போடுகிறார்கள். அங்கே போட்டால் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

எத்தனை வைத்துக்கொள்ளலாம்? இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒரு வீட்டின் செவ்வாய்க்கிழமைப் பட்டியல் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

🥛 பால் கணக்கு
🧺 இஸ்திரித் துணி
🍆 காய்கறி
💡 கரண்ட் பில்
📞 சித்திக்கு போன்
🪴 செடிக்குத் தண்ணீர்

பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்த ஆறில் நாள் தவறினால் அபராதமும் இணைப்புத் துண்டிப்பும் வரக்கூடியது கரண்ட் பில் ஒன்றுதான். ஆறுக்கும் படம் இருப்பதால் அது தனியாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவற்றிலிருந்து மாறுபட்டு நிற்பதைத்தான் கண் சட்டென்று பிடிக்கும். மற்ற ஐந்து படங்களையும் எடுத்துவிட்டுப் பாருங்கள்: பட்டியலைத் திறந்ததும் பார்வை நேராகக் கரண்ட் பில்லில் போய் நிற்கும்.

ஆகவே தவறவிட்டால் பணமோ உடல்நலமோ பயணமோ கெடும் வேலைகளுக்கு மட்டும் எமோஜி போதும். ஒரு சராசரிக் குடும்பத்துக்கு மருத்துவம் 💊, கட்டணம் 💰, பயணம் 🚆, பள்ளி 🏫, பிறந்தநாள் 🎂 என்ற ஐந்தே அதிகம். பொருளுக்கு ஒரு படம் என்று போகாமல் வேலையின் வகைக்கு ஒன்று என்று வைத்தால்தான் இந்த எண்ணிக்கை நிலைக்கும். கரண்ட் பில்லுக்கு 💡, கேஸுக்கு 🔥, தண்ணீர் வரிக்கு 💧 என்று பிரித்தால் இரண்டே மாதத்தில் எது எதற்கு வைத்தோம் என்பதே மறந்துபோகும். மூன்றுக்கும் 💰 போதும்.

யாருடைய வேலை என்பதைக் காட்ட காலண்டரிலேயே வண்ணங்கள் இருக்கின்றன. அம்மாவுக்கு ஒரு நிறம், பையனுக்கு ஒரு நிறம் என்று வைத்துவிட்டு, வேலையின் வகையை எமோஜியிடம் விட்டுவிடலாம். முடிந்த வேலைக்கு ✅ போடுவது வீண். செயலியில் டிக் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது.

படத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். 🩺 2019-இல் வந்தது. அதற்கு முந்தைய மென்பொருளோடு நின்றுவிட்ட கைபேசியில் வெறும் கட்டமாகத் தெரியலாம். 💊 2010-லேயே யூனிகோடில் சேர்ந்துவிட்டதால் அந்தக் கவலை இல்லை. 🔴 🟢 என்று நிறத்தால் மட்டும் வேறுபடுபவற்றை, சிவப்பு–பச்சை பிரித்தறிய முடியாத பார்வை உள்ளவரால் பயன்படுத்த முடியாது. உருவமும் மாறுபட வேண்டும்.

குடும்பத்தில் பார்வையற்றவர் இருந்தால் இன்னொன்று: திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒவ்வொரு எமோஜியின் பெயரையும் உரக்கச் சொல்லும். 🎂🎂🎂 என்று மூன்று வைத்தால், யாருடைய பிறந்தநாள் என்பது காதில் விழுவதற்குள் கேக்கின் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். அலுவலகக் கூட்டத்துக்கான அழைப்பிலும் எமோஜியைத் தவிர்ப்பது நல்லது. நமக்கான குறி, அழைக்கப்பட்ட எல்லோருடைய காலண்டருக்கும் போய்விடும்.

ஒரு வாரம் பயன்படுத்திய பிறகு, எழுத்தைப் படிக்க முடியாத தூரத்தில் கைபேசியை நீட்டிப் பிடித்து மாதத்தைப் பாருங்கள். என்ன வகை வேலை என்று சொல்ல முடியாத எமோஜி எதுவாக இருந்தாலும் அன்றே அழித்துவிடுங்கள்.