சன்ஷேடு எத்தனை அடி?

சன்ஷேடு எவ்வளவு நீட்டலாம் என்று கேட்டால், "எல்லா ஜன்னலுக்கும் ரெண்டடி போட்டுடலாம் சார்" என்பார் மேஸ்திரி. சென்னையில் தெற்கு ஜன்னலுக்கு அது நல்ல கணக்குதான். மேற்கு ஜன்னலில் அதே ரெண்டடி மழைச்சாரலுக்கு உதவும், வெயிலுக்கு உதவாது.

வீடு கட்டும் முன்பே கணினியில் இதைப் பார்த்துவிடலாம். ஸ்கெட்ச்அப் மென்பொருளில் வீட்டின் மாதிரியை வரைந்து, Shadows பகுதியில் தேதியையும் நேரத்தையும் நகர்த்தினால் நிழலும் கூடவே நகரும். ஆனால் முதலில் ஊரைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது அமெரிக்காவின் கொலராடோ வெயிலைக் காட்டிக்கொண்டிருக்கும். வடக்குத் திசையையும் மனையின் உண்மையான சாய்வுப்படி திருப்ப வேண்டும். பலர் வரைபடத்தின் மேல்பக்கமே வடக்கு என்று விட்டுவிடுகிறார்கள்.

சரியாக அமைத்தோமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மாதிரியில் பத்தடிக் கம்பம் ஒன்றை நட்டு, ஜூன் 21 நண்பகலை வையுங்கள். சென்னையில் அன்று சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். ஆகவே நிழல் தெற்கே, இரண்டடிக்குச் சற்றுக் குறைவாக விழ வேண்டும். வடக்கே விழுந்தால் ஊர் அல்லது திசை தவறு.

இனி நாலடி உயர ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சன்ஷேடு அதன் மேல்விளிம்பை ஒட்டியே இருக்கிறது. அது தெற்கு ஜன்னல் என்றால், மார்ச் 21 அன்று முழு நிழலுக்கு ஓரடியே போதும். பிப்ரவரி 20 நண்பகலுக்கு ஒன்றே முக்கால் அடி. டிசம்பர் நண்பகலில் சூரியன் தாழ்ந்திருப்பதால் மூன்றடி வேண்டும். மார்கழி வெயில் கொஞ்சம் உள்ளே வந்தால் யாரும் வருத்தப்படப்போவதில்லை. எனவே இரண்டடியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அதே ஜன்னல் மேற்கே இருந்தால் கதை வேறு. மே மாதம் 15-ஆம் தேதி மாலை 4 மணிக்கு வெயில் சாய்ந்து வரும். இரண்டடிச் சன்ஷேடின் நிழல் மேலே ஒன்றேகால் அடியோடு நின்றுவிட, மீதி வெயில் கட்டிலில் விழும். முழுதும் மறைக்க ஆறடி நீட்ட வேண்டும், 5 மணிக்குப் பன்னிரண்டடி. அது சன்ஷேடு அல்ல, வராந்தா!

மேற்கில் நீளத்தைக் கூட்டிப் பயனில்லை. அதே நிழலை ஜன்னல் உயரம் முழுக்கப் பிரித்துக்கொடுக்கலாம்: நாலு அங்குலத்துக்கு ஒன்றாக, ஆறு அங்குல அகலப் பலகைகளைப் படுக்கையாக அடுக்கினால் 4 மணி வெயில் ஏறக்குறைய முழுதும் தடைபடும். காற்றும் வரும். 5 மணி வெயிலுக்கு அதுவும் போதாது. திரைச்சீலையோ வெளியே ஒரு மரமோதான்.

இந்த நிழல் படம் நேர்வெயிலை மட்டுமே காட்டும். எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் அதில் வராது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சன்ஷேடு பெரும்பாலும் லிண்டலோடு சேர்த்தே வார்க்கப்படுகிறது, கம்பி கட்டுவதற்கு முன்பே இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.