தாங்கல் கரைசல் எதைத் தாங்குகிறது?

கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். பீங்கான் பொம்மைகளை அச்சில் வார்க்கும்போது களிமண்ணை நீரில் கரைத்துக் குழம்பாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சினுள் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும். களிமண் உட்சுவரில் படிந்து பொம்மையின் உருவைப் பெறும். இதற்குக் குழம்பு நன்றாக ஓட வேண்டும். ஆனால் அதில் நீர் அதிகம் இருக்கக்கூடாது. எனவே சிறிதளவு சோடியம் சிலிகேட்டையோ சோடியம் கார்பனேட்டையோ சேர்ப்பார்கள். குழம்பு காரத் தன்மை பெறும். களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்கும். குழம்பு இளகி ஓடும்.

இந்தக் குழம்பில் வினிகரைச் சேர்த்தால் துகள்கள் ஒட்டிக்கொண்டு குழம்பு தடித்துவிடும். ஆனால் முதல் துளியிலேயே காரத் தன்மை போய்விடுவதில்லை. வந்து சேரும் அமிலத்தைக் குழம்பிலுள்ள ஏதோ ஒன்று சிறிது நேரம் தாங்கிக்கொள்கிறது. அது எது? களிமண் குழம்பு சிக்கலான கலவை. ஆகவே அதே வினிகரில் உள்ள அசெடிக் அமிலத்தைக் கொண்டு, ஆய்வுக்கூடத்தில் எளிதாகச் செய்யக்கூடிய கரைசல் ஒன்றில் இதன் விடையைத் தேடுவோம்.

ஒரு லிட்டர் கரைசலில் 0.1 மோல் அசெடிக் அமிலமும் 0.1 மோல் சோடியம் அசெடேட்டும் இருப்பதாகக் கொள்ளுங்கள். இதன் பி.எச். மதிப்பு 4.76. மற்றொரு பாத்திரத்தில் ஒரு லிட்டர் நீர் எடுத்து, அதில் மிகமிகச் சிறிதளவு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, அதையும் 4.76-க்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் இப்போது ஒரே பி.எச். உடையவை. ஒவ்வொன்றிலும் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்ப்போம். நீரின் பி.எச். 2-க்கு இறங்கிவிடுகிறது. அசெடேட் கரைசலிலோ 4.67 தான். பி.எச். ஓர் எண் குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்காகின்றன என்பது நினைவிருக்கட்டும். அப்படியானால் நீரில் அவை ஐந்நூறு மடங்குக்கு மேல் பெருகின. அசெடேட் கரைசலில் கால் பங்குக்கும் குறைவாகவே கூடின. புறப்பட்ட இடம் ஒன்றாக இருந்தும் ஏன் இந்த வேறுபாடு?

அசெடிக் அமிலம் ஒரு வலிமை குறைந்த அமிலம். அதன் மூலக்கூறுகளில் மிகச் சிலவே பிரிகின்றன. பிரிந்தவையும் மீண்டும் சேர்கின்றன:

CH₃COOH ⇌ H⁺ + CH₃COO⁻

இச்சமநிலையைப் பின்வரும் தொடர்பு ஆள்கிறது:

[H⁺] = 1.75 × 10⁻⁵ × [CH₃COOH] / [CH₃COO⁻]

இந்தத் தொடர்பைச் சற்று நின்று பாருங்கள். இடப்பக்கத்தில் இருப்பவை தனித்துத் திரியும் ஹைட்ரஜன் அயனிகள். அவற்றின் அளவு லிட்டருக்கு 0.0000175 மோல் மட்டுமே. வலப்பக்கத்தில் இருப்பவை இரண்டு பெரிய கிடங்குகள். ஒவ்வொன்றிலும் 0.1 மோல் இருக்கிறது. அதாவது தனி அயனிகளைப் போல ஐயாயிரம் மடங்குக்கு மேல். மிகச் சிறிய ஓர் அளவை இரு பெரிய அளவுகளின் விகிதம் நிர்ணயிக்கிறது. இதுவே தாங்கலின் இரகசியம்.

இப்போது 0.01 மோல் ஹைட்ரஜன் அயனிகள் வந்து சேருகின்றன. அசெடேட் அயனிகள் அவற்றைப் பிடித்து அசெடிக் அமில மூலக்கூறுகளாக மாற்றிவிடுகின்றன. அசெடேட் 0.1-லிருந்து 0.09 மோலாகக் குறைகிறது; அமிலம் 0.11 மோலாகக் கூடுகிறது. முன்பு 1 ஆக இருந்த விகிதம் இப்போது 0.11 / 0.09, அதாவது 1.22. ஆகவே ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு 0.0000214 ஆகிறது. இதன் பி.எச். 4.67.

சேர்த்த அமிலம் முழுவதும் மறைந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏறத்தாழ 2,500 ஹைட்ரஜன் அயனிகளுக்கு ஒன்று வீதம் தனித்து நிற்கிறது. ஆகவே தாங்கல் கரைசலின் பி.எச். மாறுவதே இல்லை என்று சொல்வது தவறு. அது மிகக் குறைவாக மாறுகிறது என்பதே சரி.

காரத்தைச் சேர்த்தால் மற்றக் கிடங்கு வேலை செய்கிறது. 0.01 மோல் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால், ஹைட்ராக்சைடு அயனிகளை அசெடிக் அமிலம் நடுநிலையாக்குகிறது. அமிலம் 0.09, அசெடேட் 0.11 மோல் ஆகின்றன. பி.எச். 4.85-க்கு ஏறுகிறது. அதே அளவு காரத்தைத் தூய நீரில் சேர்த்தால் அது 12-ஐத் தொட்டுவிடும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சோடியம் குளோரைடையும் கலந்தால் இப்படி ஒரு தாங்கல் கிடைக்குமா? கிடைக்காது. நீரில் குளோரைடு அயனிக்கு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்து வைக்கும் இயல்பு இல்லை. வரும் அயனிகள் எல்லாம் தனித்தே நிற்கும். வலிமை குறைந்த அமிலமும் அதன் உப்பும் சேர்ந்தால்தான் பிடிக்கவும் கொடுக்கவும் இரு கிடங்குகள் அமைகின்றன.

கிடங்கு என்றால் அது ஒரு நாள் காலியாகும் அல்லவா? நம் கரைசலில் 0.1 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்ததும் அசெடேட் முழுவதும் தீர்ந்துவிடுகிறது. பி.எச். ஏறத்தாழ 2.7 ஆகிறது. அதற்கு மேல் வரும் அமிலத்தைத் தடுக்க எவரும் இல்லை.

இதை நீங்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் கண்ணாலேயே காணலாம். 0.2 மோலார் அசெடிக் அமிலத்தையும் 0.2 மோலார் சோடியம் அசெடேட்டையும் சம கன அளவில் கலந்தால் நம் கரைசல் கிடைக்கும். அதில் 10 மில்லி லிட்டரை ஒரு குடுவையிலும், 10 மில்லி லிட்டர் காய்ச்சி வடித்த நீரை மற்றொன்றிலும் எடுத்து, இரண்டிலும் ஓரிரு துளி மெதில் ஆரஞ்சு விடுங்கள். இந்த நிறங்காட்டி பி.எச். 4.4-க்கு மேல் மஞ்சளாகவும் 3.1-க்குக் கீழ் சிவப்பாகவும் இருக்கும். இரண்டிலும் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒவ்வொரு மில்லி லிட்டராகச் சேருங்கள். முதல் மில்லி லிட்டரிலேயே நீர் சிவந்துவிடும். தாங்கல் மஞ்சளாகவே இருக்கும். நான்கு மில்லி லிட்டர் அளவில் அதுவும் ஆரஞ்சு நிறத்தை நோக்கி மாறத் தொடங்கும். ஒன்பதரை மில்லி லிட்டரை நெருங்கும்போது சிவப்பாகிவிடும்.

தாங்கலைப் பத்து மடங்கு நீர்த்துவிட்டு இதே சோதனையைச் செய்து பாருங்கள். இரு கிடங்குகளும் ஒரே அளவில் நீர்க்கப்படுவதால் அவற்றின் விகிதம் மாறாது. தொடக்கத்தில் பி.எச். மதிப்பும் அநேகமாக மாறாது. ஆனால் ஒரு மில்லி லிட்டர் அமிலமே அதை ஏறத்தாழச் சிவக்க வைத்துவிடும். பி.எச். மதிப்பை விகிதம் நிர்ணயிக்கிறது. தாங்கும் திறனைக் கிடங்கின் அளவு நிர்ணயிக்கிறது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இனி விருத்தாசலத்துக் குழம்புக்குத் திரும்புவோம். சோடியம் கார்பனேட்டும் சோடியம் சிலிகேட்டும் வலிமை குறைந்த அமிலங்களின் உப்புகளே. கார்பனேட் அயனி ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துப் பைகார்பனேட் ஆகிறது. இந்த இணை பி.எச். 10-ஐ ஒட்டித் தாங்குகிறது. அசெடிக் அமில இணையோ 4.76-ஐ ஒட்டியே தாங்கும். ஒவ்வொரு தாங்கலுக்கும் தனக்கென்று ஓர் இடம் உண்டு. குழம்பில் விழும் வினிகரின் முதல் துளிகளை இந்த உப்புகள் ஏற்றுக்கொள்கின்றன. அவை தீரத் தீரக் காரத் தன்மை சரிகிறது. துகள்களின் விளிம்புகள் நேர்மின்னேற்றம் பெற்று, எதிர்மின்னேற்றம் கொண்ட முகங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. ஓடிக்கொண்டிருந்த குழம்பு தயிர்போல் நின்றுவிடுகிறது.