ஐம்பது பிபிஎம் நீரைக் கண்டுபிடிப்பது எப்படி

டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானின் ஆய்வறிக்கையில் ஒரு வரி இருக்கும்: நீர், கார்ல் ஃபிஷர் முறை, 50 பிபிஎம். பத்து லட்சம் பங்கில் ஐம்பது பங்கு என்பது கண்ணுக்குத் தெரியாத ஈரம். ஆனால் ஒரு லிட்டரில் சுமார் 44 மில்லிகிராம் தண்ணீர் அதில் ஒளிந்திருக்கிறது. மருந்துத் தயாரிப்பில் பயன்படும் கிரிக்னார்டு வினைப்பொருள் அந்தத் தண்ணீரைத் தொட்டதும் செத்துவிடும். சூடாக்கி எடை இழப்பைப் பார்த்தால் கரைப்பானும் சேர்ந்தே ஆவியாகும். அதனால் தண்ணீரை மட்டும் தேடிப்போய்ப் பிடிக்கும் வேதிவினை ஒன்று தேவைப்படுகிறது.

கந்தக டை ஆக்சைடை அயோடின் ஆக்சிஜனேற்றம் செய்யும். அதற்குத் தண்ணீர் இருந்தே ஆகவேண்டும். தண்ணீர் இல்லையென்றால் வினையும் இல்லை. பழைய நீர்க்கரைசல் வேதியியலில் புன்சன் வினை என்று பெயர் பெற்ற இதை, 1935இல் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஃபிஷர் தண்ணீரை அளக்கும் கருவியாக மாற்றினார். அயோடின், கந்தக டை ஆக்சைடு, பிரிடின் மூன்றையும் மெத்தனாலில் கரைத்ததே அவருடைய வினைப்பொருள்.

ஓர் அயோடின் மூலக்கூறு இரண்டு நீர் மூலக்கூறுகளைச் செலவழிக்கும் என்று புன்சன் வினையைப் பின்பற்றி அவர் கருதினார். மெத்தனால் அந்தக் கணக்கை மாற்றிவிடும் என்பது சில ஆண்டுகளில் தெரியவந்தது. முதலில் மெத்தனாலும் கந்தக டை ஆக்சைடும் காரத்தின் துணையோடு சேர்ந்து மெத்தில் சல்ஃபைட்டு ஆகின்றன. பிறகு அந்தச் சல்ஃபைட்டை அயோடின் ஆக்சிஜனேற்றம் செய்கையில், ஒரே ஒரு நீர் மூலக்கூறு செலவாகிறது. காரத்தை B என்று குறித்தால் வினைகள் இவை:

CH₃OH + SO₂ + B → [BH]SO₃CH₃

[BH]SO₃CH₃ + I₂ + H₂O + 2B → [BH]SO₄CH₃ + 2[BH]I

காரத்தின் வேலை, உண்டாகும் அமிலத்தை உறிஞ்சி வினையை வேகமாக ஓடவைப்பது. அமிலம் கூடினால் வினை தளர்ந்து, முடிவுப்புள்ளி இழுத்துக்கொண்டே போகும். எனவே அந்தக் காரம் பிரிடினாகவே இருக்கவேண்டியதில்லை. குடலைப் புரட்டும் நாற்றமுள்ள பிரிடினின் இடத்தை இன்று பெரும்பாலும் இமிடசோல் பிடித்துவிட்டது. ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது பழைய பாட்டிலைத் திறந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மிகக் குறைந்த ஈரத்துக்குக் கூலோமெட்ரி முறையே ஏற்றது. இதில் அயோடினைப் பியூரெட்டிலிருந்து ஊற்றுவதில்லை. கரைசலில் உள்ள அயோடைடிலிருந்து மின்சாரத்தால் அங்கேயே உண்டாக்குகிறோம். ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் உறுதியாக இருப்பதால், செலவான மின்னூட்டமே தண்ணீரின் அளவைச் சொல்லிவிடும்: ஒரு மில்லிகிராம் நீருக்கு ஏறத்தாழ 10.7 கூலோம். தண்ணீர் தீர்ந்ததும் அயோடின் துளி மிஞ்சும். கரைசலில் நிற்கும் இரண்டு பிளாட்டினக் கம்பிகளுக்கிடையே மின்னழுத்தம் சட்டென்று விழும், கருவி நின்றுவிடும்.

ஒரு மாதிரியை எடுத்துப் பார்ப்போம். ஊசிக்குழலை நிரப்பி எடைபோட்டு, ரப்பர் மூடியைத் துளைத்து உள்ளே செலுத்தி, காலிக் குழலை மறுபடி எடைபோடுகிறோம். வித்தியாசம் 4.00 கிராம். இரண்டு நிமிடத்தில் கருவி காட்டியது 220 மைக்ரோகிராம். இதை அப்படியே எழுதக்கூடாது. கலத்துக்குள் வெளியீரம் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். அதை டிரிஃப்ட் என்பார்கள். மாதிரி போடுமுன் அது நிமிடத்துக்கு 10 மைக்ரோகிராமாக இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு 20ஐக் கழித்தால் மிஞ்சுவது 200. நான்கு கிராமால் வகுத்தால் 50 பிபிஎம்.

ஊசிக்குழலுக்குள் காற்று புகுந்தாலும் கணக்கு கெடும். கடலோர ஊரில், 30 டிகிரி வெப்பத்திலும் 80 சதவீத ஈரப்பதத்திலும், ஒரு மில்லிலிட்டர் காற்றில் 24 மைக்ரோகிராம் நீர் இருக்கிறது. நம் மாதிரியில் அது 6 பிபிஎம் பொய்க்கணக்கு. அதனால் அதே கரைப்பானால் குழலை இரண்டு மூன்று முறை அலசி, குமிழி இல்லாமல் நிரப்புவார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி, வினைப்பொருளே தண்ணீரை உண்டாக்குவது. டெட்ராஹைட்ரோஃபியூரானுக்குப் பதில் அசிட்டோனைப் போட்டால், அது மெத்தனாலோடு சேர்ந்து கீட்டால் ஆகும். அப்போது புதிதாகத் தண்ணீர் பிறக்கும். உண்டாகும் நீரை அயோடின் தின்னத் தின்ன, முடிவுப்புள்ளி வராமல் எண் ஏறிக்கொண்டே இருக்கும். மாதிரி முடிந்த பிறகும் டிரிஃப்ட் பழைய அளவுக்கு இறங்காது, அதுவே அடையாளம். ஆல்டிஹைடுகளுக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு: கந்தக டை ஆக்சைடோடு சேரும்போது தண்ணீரையும் எடுத்துக்கொள்ளும், விடை குறைவாக வந்து, சரியாகத் தோன்றும். இவற்றுக்கென்று மெத்தனால் இல்லாத, வேறு ஆல்கஹால் கொண்ட வினைப்பொருள்கள் விற்கின்றன. ஆகவே நல்ல அறிக்கையில் பிபிஎம் எண்ணோடு, எந்த வினைப்பொருள், எத்தனை கிராம் மாதிரி, தொடக்கத்திலும் முடிவிலும் டிரிஃப்ட் எவ்வளவு என்பவையும் எழுதப்பட்டிருக்கும். அசிட்டோன் அறிக்கையில் கீட்டோன்களுக்கான வினைப்பொருளின் பெயர் இல்லையென்றால், அந்த எண்ணை நான் ஏற்கமாட்டேன்.